மச்சான் நிறுவனத்தின் மதிப்பெண் 2.5-ஆ, 0.5-ஆ?

கேள்வி: என் மச்சான், தங்கையின் கணவர், மளிகைப் பொருள் மொத்த வியாபாரம் செய்கிறார், பிரைவேட் லிமிடெட் நிறுவனம். சப்ளையர் பாக்கியை அடைக்க 80,000 வெள்ளி கேட்கிறார். மூன்று வருடத் தவணை, 6% வட்டி. அவருடைய கணக்காளர், நிறுவனம் நொடிக்கும் ஆபத்தை அளக்கும் ஆல்ட்மன் இசட் ஸ்கோர் போட்டு 2.5 என்றார், “நடுத்தரம், பயமில்லை” என்கிறார். வங்கியில் வேலை செய்யும் என் மகள் அதே கணக்கை வைத்துப் போட்டால் 0.5 வருகிறது, “ஆபத்து” என்கிறாள். யார் சொல்வது சரி? குறைந்த மதிப்பெண் என்றால் என் பணம் போய்விடும் என்று அர்த்தமா? கணக்கறிக்கையை இணைத்திருக்கிறேன்.

பதில்: இரண்டு பேருமே கூட்டல் பெருக்கலில் தவறவில்லை. எடுத்துக்கொண்ட சூத்திரம்தான் வேறு. எட்வர்ட் ஆல்ட்மன் 1968-ல் இந்த மதிப்பெண்ணை உருவாக்கியபோது எடுத்துக்கொண்டவை 66 அமெரிக்க உற்பத்தி நிறுவனங்கள். அவற்றில் பாதி நொடித்துப்போனவை. பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனங்களுக்கும், உற்பத்தி செய்யாத நிறுவனங்களுக்கும் பின்னால் தனித்தனியாகத் திருத்தி எழுதினார். கணக்காளர் போட்டது தனியார் உற்பத்தி நிறுவனத்துக்கான கணக்கு. அதில் ஐந்தாவதாக ஓர் உறுப்பு உண்டு: விற்பனையை மொத்தச் சொத்தால் வகுப்பது. மச்சானின் விற்பனை 24 லட்சம் வெள்ளி, சொத்து 10 லட்சம். ஆக அந்த ஓர் உறுப்பு மட்டுமே 2.4 கொடுத்துவிடுகிறது. மற்ற நான்கும் சேர்ந்து 0.12 தான்! அரிசி மூட்டை வேகமாகக் கைமாறுவது மொத்த வியாபாரத்தின் இயல்பு, அது பலத்துக்குச் சான்று ஆகாது. இப்படித் தொழிலுக்குத் தொழில் மாறுகிறது என்பதால்தான் ஆல்ட்மன் அந்த உறுப்பை எடுத்துவிட்டு இதை எழுதினார்:

```
Z'' = 6.56·X1 + 3.26·X2 + 6.72·X3 + 1.05·X4
```

இதில் 2.6-க்கு மேல் போனால் பாதுகாப்பு, 1.1-க்குக் கீழே போனால் ஆபத்து, நடுவில் இருப்பது தெளிவில்லாத பகுதி. மகள் போட்டது இதைத்தான். மளிகை வியாபாரத்துக்குப் பொருந்துவதும் இதுதான்.

இனி மொத்த எண்ணை விட்டுவிட்டு உறுப்புகளைப் பாருங்கள். X1 என்பது ஒரு வருடத்துக்குள் காசாகும் நடப்புச் சொத்திலிருந்து, ஒரு வருடத்துக்குள் கட்டவேண்டிய நடப்புக் கடனைக் கழித்து மொத்தச் சொத்தால் வகுப்பது. 8,50,000-க்கு எதிரே 7,80,000. மிச்சம் 70,000, அதாவது 0.07. X2 இதுவரை சேர்த்து வைத்த லாபத்தை மொத்தச் சொத்தால் வகுப்பது. இங்கே சேர்ந்திருப்பது 70,000 வெள்ளி நட்டம், எனவே மைனஸ் 0.07. புது நிறுவனத்துக்கு இந்த உறுப்பு எப்போதும் குறைவாகத்தான் இருக்கும், அதைப் பெரிதுபடுத்த மாட்டேன். ஆனால் இவர் பல வருடமாகக் கடை நடத்துபவர். X4 என்பது சொந்த மூலதனத்தை மொத்தக் கடனால் வகுப்பது: 80,000-க்கு எதிரே 9,20,000.

X3-ல்தான் உங்களுக்கு விஷயம் இருக்கிறது. வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தை மொத்தச் சொத்தால் வகுப்பது இது. அந்த லாபம் 30,000 வெள்ளி. அறிக்கைப்படி வங்கி வட்டிக்கே 24,000 போகிறது. உங்கள் 80,000-க்கு 6% என்றால் முதல் வருடம் 4,800. ஆக வட்டி கட்டியபின் லாபத்தில் நிற்பது 1,200 வெள்ளி. அசலை எதிலிருந்து திருப்புவார்? மதிப்பெண் இதைச் சொல்லாது, ஆனால் இந்த இடத்தைப் பார்க்கவைக்கும்.

குறைந்த மதிப்பெண் என்பது நொடிப்புக்கான சதவீதக் கணிப்பு அல்ல. 0.5 என்பதால் ஐம்பது சதவீத வாய்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நிறுவனத்தின் கணக்கு, நொடித்துப்போன நிறுவனங்களின் கணக்கைப்போல இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். இந்த நிலையிலேயே வருடக்கணக்காக ஓடும் கடைகள் உண்டு. கடன் கொடுப்பவருக்கு அதில் உள்ள செய்தி வேறு: ஏதாவது தவறினால் தாங்கிக்கொள்ள மெத்தை இல்லை, தவறு நேராக உங்கள் பணத்தில் விழும்.

மெத்தை எவ்வளவு மெல்லியது என்று அறிக்கையின் குறிப்புப் பகுதியில் தெரிகிறது. வரவேண்டிய பாக்கி 4,00,000-ல் 1,20,000 வெள்ளி 90 நாளைத் தாண்டியது. அது வராக்கடன் என்று எழுதிவிட்டால் X1, X2, X3, X4 நான்கும் பூச்சியத்துக்குக் கீழே போய், மதிப்பெண் மைனஸ் 1.8 ஆகிறது. ஒரே ஒரு வரி! சிறு நிறுவனங்களுக்குத் தணிக்கை விலக்கு இருப்பதால் இந்த அறிக்கையும் தணிக்கை ஆகாதது. அந்தப் பாக்கி யார் யாரிடம், எத்தனை நாளாக என்ற பட்டியலைக் கேட்காமல் எந்த மதிப்பெண்ணையும் நம்ப வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. நீங்கள் 80,000 கொடுத்து அவர் சப்ளையருக்குக் கட்டினால், நடப்புக் கடன் நீண்டகாலக் கடனாக மாறும். மொத்தக் கடன் ஒரு காசுகூடக் குறையாது. ஆனால் X1 0.15 ஆகி, மதிப்பெண் 0.5-லிருந்து 1.05-க்கு ஏறும். (முதல் வருடத் தவணையை நடப்புக் கடனில் காட்டினால் ஏற்றம் கொஞ்சம் குறையும்.) அடுத்த வருடம் “பாருங்கள், இரட்டிப்பாகிவிட்டது” என்று வேறொருவரிடம் கடன் கேட்கலாம். ஏறியது உங்கள் பணத்தால்.

உண்மையில் அவர் நிலையை மாற்றக்கூடியது ஒன்று அறிக்கையிலேயே இருக்கிறது. நடப்புக் கடனில் 1,50,000 வெள்ளி மச்சான் தானே நிறுவனத்துக்குக் கொடுத்த வட்டியில்லாக் கடன். அதைப் பங்கு மூலதனமாக மாற்றினால் X1 0.22, X4 0.3 ஆகி, மதிப்பெண் 1.7-க்கு வரும். புதிதாகப் பணம் வரவில்லைதான், ஆனாலும் இந்த ஏற்றம் உங்களுக்குப் பயன் தரும்: நிறுவனம் மூடினால் அவருடைய பணம் உங்களுக்குப் பின்னால்தான் நிற்கும். இப்போது இருக்கும் நிலையில், நீங்கள் கொடுக்கும் பணத்தை எடுத்து அவர் தன் கடனை முதலில் திருப்பிக்கொள்ளவும் வழி இருக்கிறது. சொந்தக்காரர் அப்படிச் செய்யமாட்டார் என்று சொல்லாதீர்கள், நெருக்கடியில் சப்ளையர் கதவைத் தட்டும்போது எவரும் செய்வார்கள்.

நிறுவனங்களைப் பதிவு செய்யும் அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் நிறுவனத்தின் விவரக்குறிப்பை வாங்கிப் பாருங்கள், சொத்துகள் மீது வங்கி ஈடு பதிந்திருக்கிறதா என்று அதில் தெரியும். பதிந்திருந்தால் சரக்கை விற்ற காசு உங்களுக்கு முன்னே வங்கிக்குப் போகும். ஊழியர் சம்பளமும் மசே நிதிச் சந்தாவும் உங்களுக்கு முன்னே வரும். ஈடில்லாமல் கடன் கொடுத்தவராக நீங்கள் சப்ளையர்களோடு மிச்சத்தைப் பங்கிட்டுக்கொள்வீர்கள். உங்களுக்கு ஏதாவது ஈடு எழுதிக்கொடுத்தால் அதை 30 நாளுக்குள் பதிய வேண்டும், இல்லாவிட்டால் கலைப்பின்போது அது செல்லாது.

மச்சான் தனிப்பட்ட உத்தரவாதம் தருவதாகச் சொல்லியிருப்பார். கையெழுத்து வாங்குங்கள், ஆனால் அதன் எடை அவருடைய சொத்தைப் பொறுத்தது. சிங்கப்பூர்க் குடிமகனின் வீவக வீடும் மசே நிதிச் சேமிப்பும் பொதுவாகக் கடன் கொடுத்தவர் கைக்கு வராது. அவரிடம் இந்த இரண்டைத் தவிர வேறு ஒன்றும் இல்லையென்றால், உத்தரவாதம் வெறும் காகிதம்.

என் கருத்து: இன்றைய நிலையில் 80,000 கொடுக்காதீர்கள். அவர் தன் 1,50,000-ஐ மூலதனமாக மாற்றி, 90 நாள் பாக்கிப் பட்டியலும் சுத்தமாக இருந்தால், 30,000 வெள்ளியில் ஆரம்பித்து மாதத் தவணையாக வாங்குங்கள். பட்டியல் தர மறுத்தால் அதற்குமேல் பேச வேண்டியதில்லை. தங்கைக்காக உதவியே ஆக வேண்டுமென்றால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்ற தொகையைத் தங்கை கையில் கொடுங்கள், நிறுவனத்துக்குக் கொடுக்காதீர்கள்.