நாடி நன்றாக இருந்தும் காலை ஏன் கீறினார்கள்?

கேள்வி: டாக்டர், பல்லாவரம் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் மாலை ஐந்து மணிக்கு என் தம்பி பைக்கிலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டார்கள். ஒன்பது மணிக்கு மேல் வலி தாங்க முடியாமல் கத்தினான். இரண்டு ஊசி போட்டும் கேட்கவில்லை. பாதத்தில் நாடி இருந்தது, விரலும் சூடாக இருந்தது. ஆனாலும் இரவு இரண்டு மணிக்குக் காலின் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறி, தைக்காமல் விட்டிருக்கிறார்கள். கேஸ் ஷீட்டில் 'கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம், பிரஷர் 48, பி.பி. 112/70' என்று இருக்கிறது. இது அவசியம்தானா? புண் எப்போது மூடும்?

பதில்: அவசியம்தான். நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தைப் பார்த்தால் நேரத்தோடும் செய்திருக்கிறார்கள். நாடி இருந்ததே என்ற உங்கள் சந்தேகத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த நோயில் பலரும் ஏமாறுவது அங்கேதான்.

முழங்காலுக்குக் கீழே தசைகள் கம்பார்ட்மென்ட் என்று சொல்லும் நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கின்றன. முன்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, பின்னால் மேலாக ஒன்று, அதற்கும் உள்ளே ஆழத்தில் ஒன்று. ஒவ்வோர் அறையையும் தசையுறை என்ற வெள்ளை நிறக் கெட்டிச் சவ்வு சுற்றியிருக்கிறது. அது நீளாது. எலும்பு முறிந்ததும் உள்ளே ரத்தம் கசிகிறது, அடிபட்ட தசை வீங்குகிறது, அறையின் அழுத்தம் ஏறுகிறது. முதலில் நசுங்குவது மெல்லிய சுவருள்ள சிரைகள். தசைக்குள் வந்த ரத்தம் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து, வீக்கம் இன்னும் கூடுகிறது. இப்படி ஒன்றை ஒன்று ஏற்றிவிட்டுக்கொண்டே போகும்.

உங்கள் தம்பியின் பி.பி.யில் மேல் எண் 112. அறைக்குள் இருந்த அழுத்தமோ 48. அதனால் பெரிய தமனியில் ரத்தம் தாராளமாகப் பாதம்வரை போகும், நாடியும் துடிக்கும், விரலும் சூடாக இருக்கும். ஆனால் வழியில் இருக்கும் தசைக்கு நுண்குழாய் வழியே ரத்தம் கிடைக்காது. நாடி நின்று, பாதம் வெளுத்துப்போவது பெரும்பாலும் தசை செத்த பிறகு வரும் அறிகுறி. அதற்காகக் காத்திருக்கவே கூடாது.

அழுத்தத்தை எப்படிக் கணக்கிடுகிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன். சாதாரணமாக இந்த அறைகளில் அழுத்தம், பாதரச அளவில் 10 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். முன்பெல்லாம் 30 தாண்டினால் கீற வேண்டும், 45 தாண்டினால் கீற வேண்டும் என்று தனி எண்ணை வைத்து முடிவெடுத்தார்கள். இப்போது பி.பி.யின் கீழ் எண்ணிலிருந்து அறையின் அழுத்தத்தைக் கழிக்கிறோம். மிச்சம் 30-க்குக் குறைந்தால் ஆபத்து. தம்பிக்கு 70-ல் 48 போனால் மிச்சம் 22. எடின்பரோவில் மெக்வீன், கோர்ட்-பிரவுன் என்ற எலும்பு டாக்டர்கள் இருவரும் 1996-ல் வெளியிட்ட ஆய்வுக்காக இதே எலும்பு முறிந்த 116 பேரைத் தொடர்ந்து அளந்து பார்த்தார்கள். பலருக்கு அழுத்தம் 30-ஐத் தாண்டியது. ஆனால் அந்த மிச்சம் 30-க்குக் கீழே போன மூன்று பேருக்கு மட்டுமே தசையுறையைத் திறந்தார்கள், மற்றவர்களுக்குப் பாதிப்பு வரவில்லை. இதே கணக்கின் மறுபக்கத்தையும் கவனியுங்கள். ரத்தம் இழந்து பி.பி. கீழ் எண் 50-க்கு இறங்கியவருக்கு அறைக்குள் வெறும் 30 இருந்தாலே மிச்சம் 20தான். அதனால்தான் ஊசி குத்தி அளக்கும்போது பி.பி.யையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறோம். மயக்க மருந்து கொடுத்த பின் பி.பி. இறங்கிவிடும் என்பதால், அதற்கு முந்தைய எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

என்றாலும் நோயைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் வலிதான். எலும்பு முறிவு வலி, கட்டுப் போட்டு அசையாமல் வைத்தால் கொஞ்சமாவது அடங்கும். இந்த வலி மணிக்கு மணி ஏறும், ஊசிக்கும் அடங்காது. டூட்டி டாக்டர் கால் கட்டைவிரலைப் பிடித்து மெதுவாகக் கீழ்நோக்கி மடக்கினால், விரலில் அடியே படாவிட்டாலும் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் உயிர் போகிறதென்று துடிப்பார்கள். முன் அறையின் தசை இழுபடுவதால் வரும் வலி அது. விரலை மேல்நோக்கி மடக்கும்போது வலித்தால் பின்னால் ஆழத்திலுள்ள அறையைச் சந்தேகிக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலுள்ள சின்ன இடத்தில் மரமரப்பு தொடங்கினால், முன் அறையில் ஓடும் நரம்பு பட்டினி கிடக்கிறது என்று பொருள். குடித்திருப்பவர், நினைவில்லாதவர், முதுகில் ஊசி போட்டு மரத்துப்போனவர் ஆகியோரிடம் இந்தச் சோதனையை நம்ப முடியாது. அங்கே அளந்துதான் பார்க்க வேண்டும். தெளிவாக அறிகுறி தெரியும்போதோ, கருவி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சந்தேகம் வந்ததும் மாவுக்கட்டை, உள்ளே வைத்த பஞ்சு உட்பட, தோல் தெரியும்வரை பிரித்துவிட வேண்டும். காலைத் தலையணை மேல் உயர்த்தக் கூடாது, இதய மட்டத்தில் வைத்தால் போதும். வீக்கம் என்றால் உயர்த்து என்று பழகியவர்களுக்கு இது விநோதமாகத் தெரியும். ஆனால் உயர்த்தினால் காலுக்கு வரும் ரத்த அழுத்தம் இன்னும் குறையும். பிரித்தும் வலி அடங்கவில்லை என்றால் தியேட்டர்தான்.

தசை தாங்குவது ஏறக்குறைய ஆறு மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு மணியும் நஷ்டம். தம்பிக்கு ஒன்பது மணிக்கு வலி மாறியது, இரண்டு மணிக்குத் திறந்துவிட்டார்கள். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய நாட்டுக்கட்டோடு மூன்றாம் நாள் வருபவர்களுக்கு இந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. தசை முழுதாகச் செத்த பின் திறந்தால் கிருமி புகுந்து காலையே எடுக்க வேண்டி வரலாம், அதனால் சில சமயம் திறக்காமலே விடுகிறோம்.

நீங்கள் பார்த்த இரண்டு கீறலும் நான்கு அறைகளுக்காக. வெளிக்கீறல் முன் எலும்பின் விளிம்புக்கும் வெளியெலும்புக்கும் நடுவே, 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளம். அதன் வழியே முன், வெளி அறைகளைத் திறப்போம். அங்கே கீழ்ப்பகுதியில் ஒரு நரம்பு தசையுறையைத் துளைத்து வெளியே வரும். அது அறுந்தால் பாதத்தின் மேற்புறம் மரத்துவிடும். உள்கீறல், முன் எலும்பின் உள் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டர் பின்னால். அதில் மேலுள்ள அறை சுலபமாகத் திறந்துவிடும். ஆழத்திலுள்ள அறைக்குப் போக, எலும்போடு ஒட்டியிருக்கும் கெண்டைத் தசையைப் பிரித்தெடுக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த அறையைத்தான். கீறலைச் சின்னதாக வைத்தால் தோலே இறுக்கிவிடும், அதனால்தான் அவ்வளவு நீளம். திறந்ததும் தசை உப்பி வெளியே வரும். நிறம் சிவப்பாக இருக்கிறதா, கிள்ளினால் சுருங்குகிறதா, வெட்டினால் ரத்தம் வருகிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்து, செத்த பகுதியை மட்டும் எடுப்போம்.

உடனே தைத்தால் அழுத்தம் திரும்ப ஏறும். 48 மணி நேரத்தில் மறுபடி தியேட்டரில் பார்ப்பார்கள். வீக்கம் வற்றினால் ரப்பர் வளையத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துத் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சேர்க்கலாம். சேராவிட்டால் தொடைத் தோலை எடுத்து ஒட்டுவார்கள். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் மூடிவிடும்.

அதுவரை நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால் அப்போதே நர்ஸிடம் சொல்லுங்கள், செத்த தசையின் சாயம் சிறுநீரகத்தை அடைக்கக்கூடும். அப்புறம், தினமும் தம்பியைக் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள். தூக்க முடியாவிட்டால் பாதம் தொங்கி அப்படியே இறுகிவிடாமல் இருக்க, கணுக்காலை நேராக நிறுத்தும் ஸ்ப்ளின்ட் இப்போதே வேண்டும் என்று எலும்பு டாக்டரிடம் கேளுங்கள்.