நனைந்த டி-ஷர்ட் வெயிலைத் தடுக்காது

கேள்வி: டாக்டர், எனக்கு 26 வயது. ஒரு மாதமாக கோவளத்தில் சர்ஃபிங் பழகுகிறேன். வெள்ளை காட்டன் டி-ஷர்ட் போட்டும் தோள் எரிந்து தோல் உரிகிறது, அக்குளில் புண். தண்ணீரில் போடும், உடம்போடு ஒட்டிய சட்டையான ராஷ் வெஸ்ட்டை ஒரு சைஸ் பெரிதாக வாங்கலாமா? இறுக்கினால் மூச்சு முட்டுமே. அடுத்த மாதம் அந்தமானில் ஸ்நார்க்லிங்குக்கும் அதுவே போதுமா?

பதில்: உங்கள் டி-ஷர்ட்டை ஈரத்தோடு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பின்னால் வைத்த விரல் தெரியும். மெல்லிய வெள்ளைப் பருத்தி காய்ந்திருக்கும்போதே புற ஊதாக் கதிரை அரைகுறையாகத்தான் தடுக்கும். நனைந்தால் அதுவும் குறைந்துவிடும். தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் சூடு உறைக்காது. ராத்திரி படுக்கும்போதுதான் தெரியும்.

ராஷ் வெஸ்ட்டை நைலான் அல்லது பாலியெஸ்டரில் நீண்டு சுருங்கும் எலாஸ்டேன் இழை கொஞ்சம் கலந்த துணியாக, லேபிளில் யூ.பி.எஃப் 50+ என்று போட்டதாக வாங்குங்கள். துணி புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கும் என்பதற்கான அளவுதான் யூ.பி.எஃப். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்குக் கதிர்தான் உள்ளே வரும். வெளிர் நிறத்தைவிட அடர் நிறம் நல்லது.

பெரிய சைஸ் வேண்டாம். அக்குள் புண்ணுக்குக் காரணமே ஈரத்துணி மடிந்து, மணலும் உப்பும் சேர்ந்து, பலகையில் படுத்துக் கையால் துடுப்புப் போடும் ஒவ்வொரு முறையும் தேய்ப்பதுதான். தொளதொள ராஷ் வெஸ்ட்டும் அதையே செய்யும். அதற்காகத் துணி விறைத்து, இழை விலகி, தோல் தெரியும் அளவுக்கும் இறுக்கக் கூடாது. விலகிய இழை வழியே வெயில் இறங்கும். கடையிலேயே போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். அக்குளில் மடிப்பு விழக் கூடாது, ஆழமாக மூச்சு இழுக்க முடிய வேண்டும். இடுப்பும் வெளியே தெரியக் கூடாது. என்னிடம் வந்த ஒரு பையனுக்கு முதுகெல்லாம் நன்றாக இருந்தது, இடுப்புக்கு மேலே மட்டும் நாலு விரல் அகலத்துக்குப் பட்டையாக வெந்திருந்தது. பலகையில் குப்புறப் படுத்தபோது வெஸ்ட் மேலே ஏறியிருக்கிறது. அரைக்கால் சட்டையோடு கட்டிக்கொள்ள முன்பக்கம் ஒரு சின்ன வளையம் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. தையலையும் உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், தட்டையாக இருக்க வேண்டும்.

அந்தமானுக்கும் இதுவே போதும், முழுக்கையும் உயர்ந்த கழுத்தும் இருந்தால். ஆனால் ஸ்நார்க்லிங்கில் மணிக்கணக்காகக் கவிழ்ந்தே மிதப்பீர்கள். பின்கழுத்தும் முழங்காலின் பின்புறமும் கெண்டைக்காலும் வெயிலில் கிடக்கும். காலுக்கு லெக்கிங்ஸ் போடுங்கள். மூடாத இடத்துக்கு வாட்டர் ரெசிஸ்டன்ட் சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம்.

அக்குள் புண் ஆறும்வரை கடலில் இறங்காதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி, ஒற்றி உலர்த்தி, வாசலின் தடவுங்கள். சீழ் வைத்தாலோ சிவப்பு பரவினாலோ நேரில் காட்டுங்கள்.