தாத்தாவிடம் ‘உட்காரவும்’ என்று சொல்லலாமா?

கேள்வி: நான் எழுதும் சிறுகதையில் பேரன் தாத்தாவிடம் இப்படிப் பேசுகிறான்: “தாத்தா, நீங்கள் இங்கே வந்து உட்காரவும். தண்ணீர் குடி. மாடிக்குப் போகாதே.” படித்த நண்பர், பெரியவரிடம் பேசும்போது விகுதி சரியில்லை என்கிறார். ‘உட்காரவும்’ என்பது மரியாதையான சொல்தானே? எதை மாற்ற வேண்டும்?

பதில்:

உங்கள் நண்பர் சொல்வது சரி. ஆனால் மூன்று வாக்கியங்களிலும் தவறு ஒரே மாதிரி இல்லை. ‘குடி’, ‘போகாதே’ இரண்டும் ‘நீ’ என்று அழைக்கப்படுகிறவருக்கான ஏவல். முதல் வாக்கியத்தில் ‘நீங்கள்’ என்று தொடங்கிவிட்டதால் இவை அங்கே ஒட்டாது. ‘உட்காரவும்’ வேறு கதை. அது மரியாதைக் குறைவான சொல் இல்லை, எதிரே நிற்கும் ஆளிடம் பேசுகிற சொல்லும் இல்லை. பலருக்கும் சறுக்குகிற இடம் அதுதான் என்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

‘உட்கார’ என்ற எச்சத்தோடு ‘உம்’ சேர்ந்தது ‘உட்காரவும்’. ‘அமைதி காக்கவும்’, ‘காலணிகளை வெளியே விடவும்’, ‘வரிசையில் நிற்கவும்’ என்று பலகைகளில் பார்க்கிறோமே, அந்த வடிவம். பலகை எழுதுகிறவருக்கு யார் படிக்கப்போகிறார்கள் என்று தெரியாது. பள்ளிப் பிள்ளையும் படிக்கலாம், எண்பது வயதுப் பெரியவரும் படிக்கலாம். அதனால் நீ, நீங்கள் இரண்டிலும் சேராத ஒரு வடிவம் அங்கே வசதியாக இருக்கிறது. கடிதத்திலும் அப்படித்தான். ‘உடனே பதில் எழுதவும்’ என்று தம்பிக்கும் எழுதலாம், பெரியப்பாவுக்கும் எழுதலாம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் அதே பெரியப்பா நேரில் வரும்போது “உள்ளே வரவும்” என்று சொல்லிப் பாருங்கள். ஏதோ அலுவலகக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும்.

அதுபோக, உரைநடையில் இந்த வடிவத்துக்கு வேறு வேலைகளும் இருக்கின்றன. ‘தாத்தா உட்காரவும் பாட்டி எழுந்தாள்’ என்றால் அவர் உட்கார்ந்த அதே நேரத்தில் இவள் எழுந்தாள் என்று பொருள். ‘அவரால் உட்காரவும் முடியவில்லை’ என்றால் உட்காரக்கூட முடியவில்லை என்று பொருள். உங்கள் வாக்கியத்தில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இருப்பதால் குழப்பமில்லை. அவை விட்டுப்போனால் வாசகர் ஒரு கணம் தடுமாறுவார்.

இதன் முன்னால் ‘தயவுசெய்து’ போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. ‘தயவுசெய்து உட்காரவும்’ இன்னும் பெரிய பலகையாகிவிடும். ‘தயவுசெய்து உட்கார்’ என்பதும் ‘நீ’ போட்டுக் கெஞ்சுவதுதான், மரியாதை அதில் ஏறிவிடாது.

சரி, எதிரே இருக்கும் பெரியவருக்கு என்ன விகுதி? ‘உங்கள்’. உட்காருங்கள், குடியுங்கள், வாருங்கள். இது அடிப்படையில் பன்மை. பத்துக் குழந்தைகளை உட்காரச் சொன்னாலும் ஒரே ஒரு தாத்தாவை உட்காரச் சொன்னாலும் ‘உட்காருங்கள்’தான். ஒருவரைப் பன்மையால் குறிப்பது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண நெறியில் வந்ததல்ல என்று தொல்காப்பியத்தின் சொல்லதிகாரமே சொல்லிவிட்டது. அதாவது, மரியாதைக்கென்று தனியாக ஓர் ஏவல் விகுதி இங்கே கிடையாது. பன்மையை எடுத்து மரியாதைக்குப் பயன்படுத்திக்கொள்கிறோம். அதனால்தான் ஓரிடத்தில் பன்மை போட்டால் அந்த ஆளைத் தொடும் எல்லா இடத்திலும் பன்மை வரவேண்டியிருக்கிறது. எழுவாய் ‘நீங்கள்’ என்றால் வினை ‘குடியுங்கள்’, எதிர்மறை ‘போகாதீர்கள்’, உடைமை ‘உங்கள் மாத்திரை’. இதில் எழுதுகிறவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் கடைசி இரண்டில். ‘உன் மாத்திரை எங்கே தாத்தா, மறக்காமல் சாப்பிடுங்கள்’ என்று அச்சிலேயே வந்துவிடுகிறது.

எதிர்மறையைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் அப்புறம் மறக்காது. ‘போகாதே’யில் ‘ஆத்’ எதிர்மறையைக் காட்டுகிறது, கடைசி ‘ஏ’ ஒருமை ஏவல். மரியாதைக்கு அந்த ‘ஏ’யை எடுத்துவிட்டு ‘ஈர்கள்’ வைக்கிறோம். ‘வந்தீர்கள்’ என்பதில் வருகிற அதே ‘ஈர்கள்’தான். ‘போகாதேங்கள்’ என்று பேச்சையும் எழுத்தையும் கலந்து எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி ஒரு வடிவம் எழுத்துத் தமிழில் இல்லை.

‘குடியுங்கள்’ என்பதை ‘குடிங்கள்’ என்று எழுதுவதும் இதே வகைக் கலப்படம். பேச்சில் ‘குடிங்க’. எழுத்தில் ‘குடி’யின் இகரத்துக்குப் பின் யகரம் வந்து ‘குடியுங்கள்’ ஆகும், ‘படியுங்கள்’ மாதிரி. உகரத்தில் முடியும் வினையில் அந்த உகரம் போய்விடும்: எடு, எடுங்கள், சாப்பிடு, சாப்பிடுங்கள். தனிக்குறிலை அடுத்த மெய் இரட்டிக்கும்: சொல், சொல்லுங்கள், செய், செய்யுங்கள். ‘உட்கார்’, ‘கேள்’ போன்றவற்றில் இரட்டிப்பு கிடையாது, நேராகச் சேர்ந்துவிடும். ‘வா’, ‘தா’ இரண்டும் ரகரத்தைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், தாருங்கள் என்று வரும். இரண்டு வினைகள் தொடர்ந்து வந்தால் கடைசி வினைக்கு மட்டும் விகுதி போதும். ‘வந்து உட்காருங்கள்’ என்பதில் ‘வந்து’ யாரிடம் பேசினாலும் ‘வந்து’தான்.

ஆக, உங்கள் வாக்கியங்களை நேராகத் திருத்தினால் இப்படி வரும்: “தாத்தா, இங்கே வந்து உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். மாடிக்குப் போகாதீர்கள்.” ஏவலிலேயே ஆள் தெரிந்துவிடுவதால் ‘நீங்கள்’ என்பதை எடுத்துவிட்டேன். வேண்டுமென்றே அழுத்தம் கொடுக்கும்போது வைத்துக்கொள்ளலாம்: “நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் உட்காருங்கள்.”

இலக்கணம் இதோடு முடிந்தது, கதை முடியவில்லை. திருத்திய மூன்று வாக்கியங்களையும் வாய்விட்டுப் படியுங்கள். விகுதி எல்லாம் சரி, ஆனாலும் பேரன் மருத்துவமனை ஊழியர் மாதிரி அடுக்கடுக்காக ஆணையிடுகிறான். ‘உங்கள்’ விகுதி ஆளுக்கு மரியாதை கொடுக்கிறது, செயலைக் கட்டளையாகவே விட்டுவிடுகிறது. கட்டளையைத் தணிப்பதற்குத் தமிழில் வேறு வழிகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது ஏவலின் வாலில் ஒட்டும் ‘ஏன்’: ‘உட்காருங்களேன்’. இது கேள்வி இல்லை, உட்கார்ந்தால் நன்றாயிருக்குமே என்ற அழைப்பு. ‘நீ’ என்று பேசுகிறவருக்கும் இது உண்டு: வாயேன், சாப்பிடேன். அடுத்தது, ஏவலையே விட்டுவிட்டுக் கேள்வியாக்குவது: ‘தண்ணீர் குடிக்கிறீர்களா?’ தடுப்பதற்கு ‘போகாதீர்கள்’ என்பதைவிட ‘போக வேண்டாமே’ மெதுவானது. முன்னது தடை, பின்னது யோசனை.

எல்லா நேரமும் தணிக்கவும் கூடாது. தாத்தா வழுக்கும் படியில் காலை வைக்கப்போகிறார் என்றால் “நில்லுங்கள் தாத்தா!” என்று கத்துவதுதான் சரி. அங்கே ‘நிற்கிறீர்களா?’ என்று எழுதினால் வாசகர் சிரித்துவிடுவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் கதையில் பேரன் தாத்தாவை ‘நீ’ என்று அழைக்கிறவனாக இருந்தால்? எத்தனையோ வீடுகளில் தாத்தா, பாட்டி, அம்மா எல்லோரும் ‘நீ’தான். அங்கே “தாத்தா, இங்கே வந்து உட்கார். தண்ணீர் குடி. மாடிக்குப் போகாதே” என்பது முழுக்கச் சரி, மரியாதைக் குறைவே இல்லை. சாமியிடம் கூட ‘வா’, ‘காப்பாற்று’ என்றுதானே வேண்டுகிறோம்? ஆகவே பெரியவர் என்றாலே ‘உங்கள்’ என்று விதி போட்டுவிடாதீர்கள். அந்த இருவருக்கும் இடையில் என்ன வழக்கம் என்று முடிவு செய்துவிட்டு, அதைக் கதை முழுக்கக் காப்பாற்றுங்கள். ‘நீங்கள்’ என்று பேசிவந்தவன் திடீரென்று ‘நீ’க்கு இறங்கினால் வாசகர் அதை ஒரு சம்பவமாக எடுத்துக்கொள்வார்: கோபம் வந்துவிட்டது, அல்லது உறவு முறிந்துவிட்டது என்று. உங்கள் மூன்று வாக்கியங்களில் அப்படி ஒரு சம்பவம் தற்செயலாக நடந்துவிட்டது.

‘உட்காரும் தாத்தா’, ‘அமர்க தாத்தா’ என்று மாற்றலாமா என்று சிலருக்குத் தோன்றும், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். ‘உட்காரும்’ என்பது ‘நீர்’ என்பதோடு போகும் ஏவல். கிறிஸ்தவ ஜெபங்களில் ‘தாரும்’, ‘இரட்சியும்’ என்று பயபக்தியோடு வருகிறது. ராஜா கதைகளில் வருகிறது. யாழ்ப்பாணத் தமிழில் ‘நீர்’ என்பது ‘நீ’க்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் நடுவே இன்றும் புழங்குகிறது. பெரியவர்களுக்கு அங்கேயும் ‘நீங்கள்’தான். மற்றபடி இன்றைய பேரன் வாயில் ‘உட்காரும்’ வந்தால் கிண்டல் செய்கிறான் என்று ஆகிவிடும். ‘அமர்க’ வியங்கோள். வாழ்த்துக்கும் மேடைக்கும் பொருந்தும், வீட்டுக்குள் பொருந்தாது.

கடைசியாக, உரையாடலைப் பேச்சுநடையில் எழுதுவதென்றால் முழுக்கப் பேச்சுநடையிலேயே எழுதுங்கள்: உட்காருங்க, குடிங்க, போகாதீங்க. ஒரு வரியில் ‘உட்காருங்க’, அடுத்த வரியில் ‘குடியுங்கள்’ வேண்டாம். நானாக இருந்தால் உங்கள் காட்சியை இப்படி எழுதுவேன்:

“தாத்தா, இப்படி வந்து உட்காருங்களேன். தண்ணி குடிக்கிறீங்களா? மாடிக்கு இப்பப் போக வேண்டாமே.”

தாத்தா அதையும் மீறி எழுந்து படிப்பக்கம் நடந்தால், அப்போது வையுங்கள் “போகாதீங்க தாத்தா!” என்பதை.