வயதான பூனைக்குத் திடீரென்று பார்வை போனால்: முதலில் பார்க்க வேண்டியது ரத்த அழுத்தம்

கேள்வி: எங்கள் பூனைக்கு 14 வயது, 4 கிலோ எடை. நேற்று காலையிலிருந்து சுவரில் மோதுகிறது, கட்டிலில் இருந்து இறங்கத் தெரியவில்லை. கண் முழுக்கக் கறுப்பாக விரிந்து கிடக்கிறது. பக்கத்து கிளினிக்கில் “வயசாயிடுச்சு, புரை” என்று சொட்டு மருந்து தந்தார்கள். பிரஷரா இருக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். வீட்டில் அப்பாவின் பிபி மெஷின் இருக்கிறது, அதில் பார்க்கலாமா? பார்வை திரும்புமா, டாக்டர்?

பதில்: சொட்டு மருந்தை எடுத்து வையுங்கள். இன்றைக்கே ரத்த அழுத்தம் அளக்க வேண்டும், அளந்த கையோடு மாத்திரை தொடங்க வேண்டும். இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது மூன்றாம் நாளாகியிருக்கலாம். அப்படியானால் நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

புரை ஒரே ராத்திரியில் வராது. மாதக்கணக்கில் வெள்ளையாகப் படரும், டார்ச் அடித்தால் கண் பாப்பா சுருங்கவும் செய்யும். உங்கள் பூனைக்கு அப்படி இல்லை. இருட்டறையில் கண்ணுக்கு நேராக டார்ச் அடித்துப் பாருங்கள். பாப்பா அப்படியே விரிந்து நின்றால், அதற்குள்ளே லென்ஸுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய திரை, மேலே நூல் நூலாக ரத்தக் குழாய்களோடு தொங்குவது சில நேரம் வெறும் கண்ணுக்கே தெரியும். அதுதான் விழித்திரை. ஒட்டியிருந்த இடத்தை விட்டு முன்னால் வந்துவிட்டது. பார்வை இருக்கிறதா என்று பார்க்கக் கையை முகத்துக்கு நேரே வீசாதீர்கள். காற்று மீசையில் பட்டாலே பூனை கண் சிமிட்டும், “தெரியுதே” என்று ஏமாந்துவிடுவோம். ஒரு பஞ்சு உருண்டையை அதன் முன்னால் மேலேயிருந்து போடுங்கள். பார்வையுள்ள பூனை கண்ணாலேயே அதைத் தொடரும்.

நடப்பது இதுதான். விழித்திரைக்குப் பின்னால் அதற்குச் சோறு போடும் ரத்தக் குழாய்ப் படலம் ஒன்று இருக்கிறது. அழுத்தம் எகிறும்போது அந்தக் குழாய்கள் கசிகின்றன. கசிந்த நீர், சுவரில் ஈரம் ஏறினால் சுண்ணாம்பு உப்பிக்கொண்டு வருவதுபோல, விழித்திரையைத் தூக்கிவிடுகிறது. தூக்கப்பட்ட இடத்தில் ஒளியை உணரும் செல்கள் பட்டினி கிடக்கின்றன. பட்டினி நாளாக ஆக அவை சாகின்றன, செத்தவை திரும்பாது. மனிதர்களுக்கு விழித்திரை கிழிந்து கழன்றால் ஆபரேஷன் செய்வார்கள். அதை நினைத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரி, லேசர் என்று அலையவைப்பவர்கள் உண்டு. பூனைக்கு இங்கே கிழிசல் இல்லை, கசிவுதான். அழுத்தம் இறங்கினால் நீர் வடியும், விழித்திரை தானே போய் ஒட்டிக்கொள்ளும்.

பார்வை திரும்புமா என்றால், முதல் சில நாட்களுக்குள் அழுத்தத்தை இறக்கிவிட்டால் ஓரளவு திரும்ப வாய்ப்பிருக்கிறது. இரண்டு வாரம் கழன்றே கிடந்தால் பெரும்பாலும் இல்லை. திரை ஒட்டிக்கொண்ட பிறகும் மங்கலாகவே இருக்கலாம். உத்தரவாதம் தருகிறவரை நம்ப வேண்டாம்.

அப்பாவின் மெஷின் உதவாது. அதன் பட்டை மனிதக் கைக்கு வெட்டியது, அதன் கணக்கு மனித நாடிக்கு எழுதியது. பூனையின் முன்னங்காலில் சுற்றினால் ஏதோ ஒரு எண் வரும், அவ்வளவுதான். வேண்டியது நாடியின் ஒலியைக் கேட்டு அழுத்தம் அளக்கும் டாப்ளர் கருவி, அல்லது விலங்குகளுக்கென்றே உள்ள தானியங்கிக் கருவி. கிளினிக்குக்குப் போகும் முன் போன் செய்து, “பூனைக்கு டாப்ளரில் பிபி பார்ப்பீர்களா?” என்று நேராகக் கேளுங்கள். வயதான பூனைக்கு இது காய்ச்சல் பார்ப்பது மாதிரி வழக்கமாக நடக்க வேண்டிய சோதனை. ஆனால் ஸ்கேன் மெஷின் வாங்கும் கிளினிக்குகள்கூட இதை வாங்குவதில்லை. கண் போன பிறகுதான் பூனைக்கும் பிரஷர் உண்டு என்பதே ஞாபகம் வருகிறது. உங்கள் ஊரில் இல்லையென்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கும் ஊர்களில் விசாரியுங்கள். அங்கேயும் போன் செய்துவிட்டே கிளம்புங்கள்.

அளக்கும் முறை சரியில்லை என்றால் வரும் எண்ணால் பிரயோசனமில்லை. அதனால் நீங்கள் பக்கத்திலிருந்து கவனியுங்கள். பூனையைக் கூடையிலிருந்து எடுத்து உங்கள் மடியிலேயே வைத்து, நாய் குரைப்பு கேட்காத அறையில் பத்து நிமிடம் சும்மா விட வேண்டும். ரத்தம் எடுப்பது, ஊசி போடுவது எல்லாம் இதற்குப் பிறகுதான். பட்டையின் அகலம், அதைச் சுற்றும் இடத்தின் சுற்றளவில் 30 முதல் 40 சதவீதம் இருக்க வேண்டும். முன்னங்கால் சுற்றளவு 7 செ.மீ. என்றால் 2.1 முதல் 2.8 செ.மீ., அதாவது 2.5 செ.மீ. பட்டை பொருந்தும். ஒல்லிப் பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும், அகலப் பட்டை குறைத்துக் காட்டும். கால் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். 10 செ.மீ. கீழே தொங்கினாலே எண் ஏழெட்டு கூடிவிடும். பாதத்தின் அடியில் ஜெல் தாராளமாக வைத்து, நாடி ஒலியை ஹெட்போனில் கேட்க வேண்டும். ஸ்பீக்கரில் வரும் அந்த ‘உஷ்’ சத்தமே பூனையை மிரட்டி அழுத்தத்தைக் கூட்டிவிடும். ஒலி நின்ற இடத்துக்கு மேலே கொஞ்சம் காற்று ஏற்றி, மெதுவாக இறக்கும்போது ஒலி திரும்பவும் கேட்கும் அந்த எண்தான் மேல் அழுத்தம்.

ஒரே ஒரு தரம் பார்த்து எழுதிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். முதல் எண்ணைத் தள்ளிவிட்டு அடுத்த ஐந்து முதல் ஏழு எண்களின் சராசரிதான் கணக்கு. உதாரணமாக முதலில் 238 வந்து, பிறகு 226, 218, 222, 214, 220 என்று வந்தால், 238 போகட்டும், சராசரி 220. பட்டை அளவு என்ன, எந்தக் கால் என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறையும் அதே பட்டை, அதே கால். பொதுவாக 160-க்கு மேல் உயர் அழுத்தம், 180-க்கு மேல் கண், மூளை, இதயம், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ஆபத்து. கண் நன்றாக இருக்கும் பூனைக்கு 170 வந்தால் பயத்தில் ஏறியதாக இருக்கலாம், இன்னொரு நாள் திரும்ப அளந்துவிட்டு முடிவெடுப்பதே நியாயம். விழித்திரை கழன்ற பூனைக்கு அந்தப் பொறுமை கூடாது. கண்ணே சாட்சி சொல்லிவிட்டது.

மருந்து அம்லோடிபின். உங்கள் பாட்டி சாப்பிடும் அதே மாத்திரைதான். வழக்கமாகத் தொடங்குவது நாளைக்கு ஒரு தடவை 0.625 மி.கி., அதாவது 2.5 மி.கி. மாத்திரையில் கால் பங்கு. மேலே சொன்ன 220 மாதிரி, 200-ஐத் தாண்டியிருந்தால் 1.25 மி.கி., அதாவது அரை மாத்திரையிலிருந்து தொடங்குவார்கள். அளவை முடிவு செய்ய வேண்டியவர் அளந்து பார்த்த மருத்துவர், மருந்துக் கடைக்காரர் இல்லை.

மருந்துக் கடையில்தான் பலர் கவிழ்கிறார்கள். “அதே மருந்துதான் சார், வேற கம்பெனி” என்று எடுத்துக் கொடுப்பதில் இரண்டு வில்லங்கம் இருக்கிறது. ஒன்று எஸ்-அம்லோடிபின். அது 2.5 மி.கி. என்றால் சாதாரண அம்லோடிபின் 5 மி.கி.-க்குச் சமம். அதில் கால் பங்கு கொடுத்தால் பூனைக்குப் போவது இரட்டை அளவு. இன்னொன்று கூட்டு மாத்திரை. அம்லோடிபினோடு அட்டெனோலாலோ, டெல்மிசார்டனோ, நீர் பிரியும் மருந்தோ சேர்ந்திருக்கும், பெயருக்குப் பின்னால் ஒன்றிரண்டு எழுத்து மட்டும் ஒட்டியிருக்கும். அட்டையின் பின்பக்கத்தில் “அம்லோடிபின்” மட்டும், முன்னால் எஸ் இல்லாமல், 2.5 மி.கி. என்று இருக்கிறதா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். 5 மி.கி.தான் கிடைத்தது என்று எட்டாக உடைப்பதும் வேண்டாம், துண்டுகள் ஒன்றுபோல் வராது. மாத்திரை வெட்டும் சிறு டப்பா வாங்கிக்கொள்ளுங்கள்.

எனலாபிரில், பெனசெபிரில் கொடுத்து “கிட்னிக்கும் பிரஷருக்கும் சேர்த்து” என்பார்கள். தனியாகக் கொடுத்தால் இவ்வளவு உயர்ந்த அழுத்தத்தை அவை போதுமான அளவு இறக்காது. கண் வீங்கியிருக்கிறது என்று டெக்சாமெத்தசோன் ஊசி குத்துவதும் உண்டு. அது அழுத்தத்தை இறக்காது, கிழப் பூனைக்குச் சர்க்கரையை ஏற்றும். பார்வைக்கு டாரின் பொடி விற்பவர்கள் வேறு. டாரின் குறைந்தாலும் விழித்திரை கெடும் என்பது நிஜம், ஆனால் அது மெல்ல மெல்ல நடப்பது, ஒரு ராத்திரியில் அல்ல.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கேட்க ஆள் இல்லை. கடந்த ஒன்றிரண்டு வாரத்தில் உங்கள் பூனைக்கு என்ரோஃப்ளாக்சசின் ஊசியோ மாத்திரையோ போனதா? புண், சளி, சிறுநீர்த் தொற்று என்று எதற்கும் எழுதப்படும் ஆன்டிபயாடிக் அது. நாளைக்கு ஒரு கிலோவுக்கு 5 மி.கி.-ஐத் தாண்டினால் பூனையின் விழித்திரையை நேரடியாக விஷமாகத் தாக்கலாம். உங்கள் 4 கிலோ பூனைக்கு 20 மி.கி.தான் உச்சம். சிறுநீரகம் பழுதான கிழப் பூனையில் மருந்து உடலில் தங்குவதால் ஆபத்து இன்னும் அதிகம். அறிகுறி அப்படியே இதுதான்: விரிந்த பாப்பா, திடீர்க் குருடு. ஆனால் விழித்திரை கழன்றிருக்காது, தொங்கும் திரை இருக்காது, அழுத்தம் சரியாக இருக்கும். அந்தப் பூனைக்கு அம்லோடிபின் கொடுப்பது வீண். ஆன்டிபயாடிக்கை அன்றே நிறுத்த வேண்டும். பழைய சீட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். சீட்டே தராமல் ஊசி போட்டிருந்தால், போன் செய்து மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை.

மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று நாளில் மறுபடி அளக்க வேண்டும், பிறகு வாரம் ஒரு தடவை. 160-க்குக் கீழே வந்தே ஆக வேண்டும், 140-க்குக் கீழே வந்தால் நல்லது. 110-க்குக் கீழே போய், பூனை சோர்ந்து தள்ளாடினால் அளவு கூடிவிட்டது என்று பொருள். ஒரு வாரத்தில் இறங்கவில்லையென்றால் மருத்துவர் அளவைக் கூட்டுவார், அல்லது டெல்மிசார்டனைச் சேர்ப்பார்.

அழுத்தம் ஏன் ஏறியது என்பதையும் அதே வாரத்தில் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் சிறுநீரகக் கோளாறு, அடுத்தது தைராய்டு மிகைச் சுரப்பு. ரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம், தைராய்டுக்கு டி4, சிறுநீரில் புரதம் போதும். பேக்கேஜ் என்று முப்பது சோதனை எழுதினால் இந்த நான்கும் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாமலும் இருக்கும்.

திரை ஒட்டி, பூனை மறுபடி ஜன்னலில் ஏறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சில நாளிலேயே அழுத்தம் பழைய இடத்துக்கு வந்துவிடும், இரண்டாம் முறை கழன்ற விழித்திரையிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. கடைசி அட்டையில் பத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்குங்கள், பழைய அட்டையைக் கையில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு.