பகுதியை மட்டும் பார்க்காதீங்க, தொகுதியையும் பாருங்க

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். பிரதியிடல், பகுதித் தொகையிடல், பகுதிப் பின்னம் மூணும் தனித்தனியா தெரியும். கலந்து கொடுத்தா எதைப் போடறதுன்னு தெரியாம முழிக்கிறேன். பார்த்ததும் கண்டுபிடிக்க வழி இருக்கா?

காட்பாடியில் சாயந்திரம் டியூஷன் எடுக்கிறேன். குடியாத்தம், லத்தேரிப் பக்கமிருந்து ரயிலில் வருகிற பிள்ளைகளும் இதே இடத்தில்தான் மாட்டுகிறார்கள். பின்னம் என்றால் உடனே பகுதிப் பின்னம், பெருக்கல் என்றால் உடனே பகுதித் தொகையிடல் என்று பாய்வதுதான் கோளாறு. அதற்கு முன்னால் ஒன்று பார்க்க வேண்டும்: கணக்குக்குள் இருக்கிற ஏதாவது ஒன்றின் வகைக்கெழு, பக்கத்திலேயே பெருக்கலாக நிற்கிறதா? நின்றால் பிரதியிடல், முடிந்தது. எண் மடங்கு மட்டும் கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை, வெளியே எடுத்துச் சரிசெய்து கொள்ளலாம்.

ஒரே பகுதியை வைத்துக் காட்டுகிறேன்: x²+4x+3. இதன் வகைக்கெழு 2x+4.

(2x+4)/(x²+4x+3) என்று வந்தால் மேலே நிற்பதே வகைக்கெழு, விடை log|x²+4x+3| + c, ஒரே வரி. இதை (x+1)(x+3) என்று பிரித்து A, B கண்டுபிடித்தாலும் இதே விடைதான் வரும், ஆனால் அரைப் பக்கம் வீண். மேலே வெறும் 1 இருந்தால் வகைக்கெழு இல்லை, பகுதி காரணிப்படுகிறது, அப்போதுதான் பகுதிப் பின்னம்: ½ log|(x+1)/(x+3)| + c. கீழே 3-க்குப் பதில் 5 போட்டு 1/(x²+4x+5) என்று கேட்டால் காரணியே கிடையாது (b²−4ac = 16−20, குறை எண்), அதனால் (x+2)²+1 என்று முழு வர்க்கமாக்க வேண்டும், விடை tan⁻¹(x+2) + c. ஒரு எண் மாறினதற்கு log போய் tan⁻¹ வந்துவிட்டது பாருங்கள்.

அப்புறம் மேலே x² இருந்தால்? x²/(x²+4x+3). இங்கேதான் நன்றாகப் படிக்கிற பிள்ளையும் விழும். காரணி இருக்கிறதே என்று நேராக A/(x+1) + B/(x+3) என்று எழுதி, x = −1 போட்டால் A = ½, x = −3 போட்டால் B = −9/2 என்று அழகாக வந்துவிடும். எங்கேயும் இடிக்காது, சந்தேகமே வராது. "சார், எல்லாம் சரியாத்தானே வருது?" என்று கேட்டால் x = 0 போட்டுப் பார்க்கச் சொல்வேன். இடப்பக்கம் 0, வலப்பக்கம் ½ − 3/2 = −1. ஒன்று குறைகிறது! தொகுதியின் படி பகுதியின் படியைவிடக் குறைவாக இருந்தால்தான் அப்படிப் பிரிக்கலாம், இங்கே இரண்டும் 2. முதலில் வகுக்க வேண்டும், ஈவு 1 வரும், தொலைந்துபோன ஒன்று அதுதான். சரியான விடை x + ½ log|x+1| − (9/2) log|x+3| + c. வகுக்காதவர் விடையில் அந்த முதல் x மட்டும் இருக்காது. அதனால் A, B கண்டதும், கண்டுபிடிக்கப் பயன்படுத்தாத வேறொரு எண்ணைப் போட்டுப் பார்ப்பது நல்லது, பத்து விநாடி வேலை.

பெருக்கலுக்கும் அதே முதல் கேள்விதான். x·e^(x²) என்றால் அடுக்கில் x², வெளியே x, அதாவது வகைக்கெழுவில் பாதி, எனவே பிரதியிடல்: ½e^(x²) + c. x·e^x என்றால் அப்படி எதுவும் இல்லை, ஆனால் x-ஐ வகையிட்டால் 1 ஆகிக் காணாமல் போகும், e^x-ஐத் தொகையிட்டாலும் மாறாது, எனவே பகுதித் தொகையிடல். u-வாக e^x-ஐ எடுத்துவிட்டால் அடுத்த வரியில் x²/2 வந்து நிற்கும். கணக்கு சின்னதாகாமல் பெரிதாகிறது என்றால் u-வை மாற்றி எடுங்கள்.

எனக்குப் பிடித்த கணக்கு x³·e^(x²). இதற்கு இரண்டும் வேண்டும். x³-ஐ x²·x என்று உடைத்து t = x² என்றால் x dx = dt/2, கணக்கு ½∫t·e^t dt ஆகிவிடுகிறது, அதற்கு மேல் பகுதித் தொகையிடல்: ½(x²−1)e^(x²) + c. x⁵ வந்தாலும் இதே வழிதான். ஆனால் x²·e^(x²) என்றால் ஒரு x-ஐ எடுத்து dt-க்குக் கொடுத்தபின் இன்னொரு x, √t-யாக மிஞ்சும். நமக்குத் தெரிந்த சார்புகளை வைத்து அதற்கு விடை எழுதவே முடியாது, பரீட்சையில் கேட்கவும் மாட்டார்கள், அப்படி ஒன்று உங்கள் தாளில் வந்து நின்றால் கேள்வியைத் தப்பாகப் பார்த்து எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.