வீட்டுப்படி வீட்டுக்கு அனுப்பும் பணம் அல்ல

கேள்வி: வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் 2,400, வீட்டுப்படி 900, பயணப்படி 300, ஓவர்டைம் 425, மொத்தம் 4,025 என்று போட்டிருக்கிறது. முதல் வாடகை கட்ட கம்பெனியில் 1,500 அட்வான்ஸ் வாங்கினேன். அதற்கு மாதம் 250 வீதம் ஆறு மாதம் பிடிக்கிறார்கள். கைக்கு 3,775 வருவதால், மாதம் 2,200 அனுப்புகிறேன் என்று வீட்டில் சொல்லி, அப்படியே அனுப்பியும் வந்தேன். இந்த மாதம் அடுத்த மூன்று மாத வாடகை 2,250 கட்டவேண்டி வந்தது. கூட வேலை செய்பவரிடம் 1,500 கடன் வாங்கித்தான் கட்டினேன். இவ்வளவு சம்பளம் வந்தும் ஏன் பற்றவில்லை? வீட்டுக்கு எவ்வளவு அனுப்புவதுதான் சரி?

பதில்: நீங்கள் தாராளமாகச் செலவு செய்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. படி மாதா மாதம் வருகிறது, வாடகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறது. சிக்கல் இந்த இடைவெளியில்தான்.

முதல் இரண்டு மாதத்தை நினைத்துப் பாருங்கள். 3,775 வந்தது, 2,200 அனுப்பினீர்கள், மிச்சம் 1,575. சாப்பாடு, போன், சில்லறைச் செலவுக்கு 600, போக்குவரத்துக்கு 220, கரண்ட் தண்ணீருக்கு 110 என்று வைத்துக்கொள்கிறேன். (உங்கள் கணக்கு வேறாக இருந்தால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.) அதற்குப் பிறகும் கையில் 645 நிற்கும். அதைப் பார்த்தால் யாருக்கும் தாராளமாகத்தான் தெரியும். ஆனால் அந்த 645 உங்கள் பணமே இல்லை, வீட்டுக்காரருக்குப் போகவேண்டியது. மாதத்துக்கு 750 வாடகை ஏறிக்கொண்டே இருந்தது. கேட்க யாரும் வராததால் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அந்த 645-ஐத் தொடாமல் வைத்திருந்தாலும்கூட மாதம் 105 துண்டு விழுந்திருக்கும்.

அதனால் சீட்டை மேலிருந்து கீழே கூட்டிப் படிக்காதீர்கள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது அடுத்த மாதமும் இதே அளவு வருமா? இதற்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறதா?

அடிப்படைச் சம்பளம் நிச்சயம். இரண்டு படிகளும் நிச்சயம், ஆனால் அவற்றுக்கு வேலை இருக்கிறது. ஓவர்டைம் நிச்சயம் இல்லை, ஆகவே கணக்கிலேயே சேர்க்கவேண்டாம். மூன்றையும் கூட்டினால் 3,600. அட்வான்ஸ் பிடித்தம் 250 போக 3,350. இதில் வாடகைக்கு 750 ஒதுக்கி, கரண்ட் தண்ணீர் 110, போக்குவரத்து 220, சாப்பாடும் மற்றதும் 600 கழித்தால் மிஞ்சுவது 1,670. 170-ஐ நிறுத்திக்கொண்டு 1,500 அனுப்புங்கள். அட்வான்ஸ் இன்னும் மூன்று தவணைதான் பாக்கி. அது முடிந்ததும் 1,750 ஆக்கலாம். அது முடியும்வரை 1,750 அனுப்பத் தொடங்காதீர்கள்!

750-ஐ மனதில் ஒதுக்கினால் போதாது. சம்பளம் விழுந்த அன்றே இன்னொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஒரே கணக்கில் கிடக்கும் வாடகைப் பணம் மூன்றாவது வாரத்தில் சேமிப்பு மாதிரி தெரியும்.

ஓவர்டைம் 425-ஐ வைத்து நண்பரின் கடனை அடையுங்கள். இதே அளவு வந்தால் நான்கு மாதத்தில் 1,500 தீர்ந்துவிடும். அந்த வரியை ஒருமுறை சரிபார்த்தும் பாருங்கள். பல இடங்களில் ஓவர்டைமை மொத்தச் சம்பளத்தில் கணக்கிடுவதில்லை, அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கிடுவார்கள். உங்கள் 2,400-ஐ 30 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு 10. ஒப்பந்தத்தில் ஒன்றேகால் மடங்கு என்று இருந்தால் மணிக்கு 12.50, அப்போது 425 என்பது 34 மணி நேரம். நீங்கள் குறித்து வைத்த நேரமும் இதுவும் ஒத்துப்போகிறதா? போகவில்லை என்றால் உடனே சண்டைக்குப் போகவேண்டாம். மாதக் கடைசிக்கு முன்பே, 20-ஆம் தேதி வாக்கில், கணக்கை மூடிவிடும் கம்பெனிகள் உண்டு. அதற்குப் பிறகு செய்த நேரம் அடுத்த மாதச் சீட்டில் வரும். அதிலும் வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள்.

அனுப்பும் வழிக்கு வருவோம். 'கட்டணமே இல்லை' என்பார்கள், ரேட்டில் எடுத்துக்கொள்வார்கள். எனவே கட்டணத்தையும் ரேட்டையும் தனித்தனியாக ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல், 'நான் மொத்தமாக 1,500 கொடுத்தால் அந்தப் பக்கம் எவ்வளவு விழும்?' என்று ஒரே கேள்வி கேளுங்கள். ஓர் இடத்தில் கட்டணம் 18, ரேட் 22 என்று வைத்துக்கொள்வோம். 1,482-க்கு 32,604 விழும். இன்னோர் இடத்தில் கட்டணம் இல்லை, ரேட் 21.60. அங்கே 32,400. கட்டணம் வாங்குபவரே மலிவு. ஆனால் இதே இருவரிடமும் 400 மட்டும் அனுப்பினால் முதலாமவரிடம் 8,404, இரண்டாமவரிடம் 8,640 என்று கணக்கு தலைகீழாகிவிடும். இந்த ரேட்டுகளில் 990 என்பதுதான் எல்லை. அதற்குக் கீழே கட்டணமில்லாதவர், மேலே கட்டணம் வாங்குபவர். கடன் தீர்ந்த பிறகு ஓவர்டைம் பணத்தைத் தனியாக அனுப்பாமல் அடுத்த மாத 1,750-உடன் சேர்த்து அனுப்பினால் ஒரே கட்டணத்தோடு போய்விடும்.

அந்த 170 எதற்கு என்று கேட்பீர்கள். விடுப்பு எடுக்கும் மாதத்துக்காக. அந்த மாதம் ஓவர்டைம் இருக்காது. பயணப்படி நிற்கலாம். அதனால் பெரிய நஷ்டம் இல்லை, ஏனென்றால் 220 செலவும் நிற்கும். கவனிக்கவேண்டியது வீட்டுப்படி. விடுப்புச் சம்பளத்தை அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் தருவதா, படியும் சேர்த்துத் தருவதா என்பது அந்த நாட்டுச் சட்டத்தையும் உங்கள் ஒப்பந்தத்தையும் பொறுத்தது. படி இல்லை என்றால் 900 வராது, ஆனால் நீங்கள் தங்காத அறைக்கும் 750 வாடகை போகும். ஒப்பந்தத்தில் அந்தப் பக்கத்தை இப்போதே எடுத்துப் படியுங்கள். மாதம் 170 சேர்த்தால் ஐந்தே மாதத்தில் 850. அந்த ஒரு மாத வாடகையை அது தாங்கும்.

வீட்டில் சொல்லும்போது 'குறைத்துவிட்டேன்' என்று மட்டும் சொன்னால் அவர்களுக்குக் கலக்கமாக இருக்கும். சீட்டைப் படம் எடுத்து அனுப்பி, வீட்டுப்படி என்ற வரிக்கு நேராக 'இது இங்கத்திய வாடகை' என்று எழுதிவிடுங்கள். மூன்று மாதம் 1,500, நான்காம் மாதத்திலிருந்து 1,750 என்று தேதியோடு சொல்லுங்கள். அங்கே ஏதாவது தவணை 2,200-ஐ நம்பி ஒத்துக்கொள்ளப்பட்டிருந்தால் அதைத்தான் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். இன்றைக்கே போன் போடுங்கள்.