சதுரத்தின் நடுப்பகுதி: வட்டமா, பரவளையமா?

கேள்வி: ஒரு சதுரத்துக்குள் எங்காவது ஒரு புள்ளி வைத்தால், அது எந்தப் பக்கத்தையும் விட மையத்துக்கு அருகில் இருக்க நிகழ்தகவு என்ன? நடுவில் வட்டம் போட்டு π/16, அதாவது 0.196 என்று கண்டேன். கணினியில் பத்து லட்சம் புள்ளிகள் எடுத்தால் 0.219 வருகிறது. எது சரி?

பதில்: கணினி சொல்வதுதான் சரி. சதுரத்தின் பக்கத்தை 2 என்றும் மையத்தை ஆதிப்புள்ளி என்றும் கொள்வோம். நீங்கள் போட்டது 0.5 ஆரமுள்ள வட்டம். அதற்குள் இருப்பவை எல்லாம் மையத்துக்கு அருகில்தான், அதில் தவறில்லை. ஆனால் (0.4, 0.4) என்ற புள்ளியைப் பாருங்கள். மையத்திலிருந்து அதன் தொலைவு சுமார் 0.566, மிக அருகிலுள்ள பக்கத்துக்கோ 0.6. மையம்தான் கிட்டே, ஆனாலும் புள்ளி உங்கள் வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. மூலைவிட்டங்களை ஒட்டிய இந்த இடங்கள்தான் விட்டுப்போயின.

உண்மையான எல்லை எது? ஒரு புள்ளியிலிருந்தும் ஒரு கோட்டிலிருந்தும் சம தொலைவில் இருப்பவை சேர்ந்தால் பரவளையம். இங்கே மையம் குவியம், பக்கம் இயக்குவரை. நான்கு பக்கங்களுக்கும் நான்கு பரவளைய வில்கள். அவை மூலைவிட்டங்களில் சந்திக்கின்றன.

மூலைவிட்டங்கள் சதுரத்தை நான்கு முக்கோணங்களாகப் பிரிக்கும். வலப்பக்க முக்கோணத்தின் மேல்பாதி மட்டும் போதும். சமச்சீர் என்பதால் மற்ற ஏழு பாதிகளும் இதே விகிதம்தான். இங்கே மிக அருகிலுள்ள பக்கம் x = 1. ஆகவே நிபந்தனை

√(x² + y²) < 1 − x

இரு புறமும் வர்க்கப்படுத்தினால் x < (1 − y²)/2. இந்த வில் x = y கோட்டைத் தொடும் இடத்தில் y² + 2y − 1 = 0; அதாவது y = √2 − 1. இதை c என்போம். 0 முதல் c வரை (1 − y²)/2 − y என்பதைத் தொகையிட்டால்

c/2 − c²/2 − c³/6

c² = 3 − 2√2, c³ = 5√2 − 7 என்று இட்டால் பரப்பு (4√2 − 5)/6. பாதி முக்கோணத்தின் பரப்பு 1/2. எனவே விடை (4√2 − 5)/3, ஏறத்தாழ 0.219. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கான புட்னம் போட்டியில் 1989-இல் கேட்கப்பட்ட கணக்கு இது.

பலர் சறுக்குவது தொகையிடலின் எல்லையில். c-இல் நிறுத்தாமல் y = 1 வரை போனால், மூலைவிட்டத்தைத் தாண்டிவிடுவீர்கள்; அங்கே மிக அருகிலுள்ள பக்கம் x = 1 அல்ல, y = 1.

விடையைச் சோதிக்க ஒரு வழி: எல்லை மையத்துக்கு மிக நெருங்குவது 0.5 தொலைவில், மிக விலகுவது மூலைவிட்டத்தில் 2 − √2, அதாவது 0.586 தொலைவில். இந்த இரு ஆரங்களிலும் வட்டம் போட்டால் நிகழ்தகவு 0.196, 0.27 என வரும். சரியான விடை இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும்.

கணினியில் ஆயிரம் புள்ளிகளோடு நிறுத்தியிருந்தால் திட்டப்பிழை 0.013, 0.196-ஐயும் 0.219-ஐயும் உறுதியாகப் பிரித்தறிய அது போதாது. பத்து லட்சத்தில் அது 0.0004 ஆகச் சுருங்குவதால்தான் உங்களுக்கு வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது.